மரத்துப்போற ஊசி அலர்ஜியா, வெறும் மயக்கமா? கிளவுஸ் அலர்ஜியும் சேர்த்து அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் பல் டாக்டர். "எனக்கு மரத்துப்போற ஊசி ஒத்துக்காது டாக்டர்"னு சொல்லிக்கிட்டே சேர்ல உக்கார்றவங்க வாரத்துக்கு ஒருத்தராவது வந்துடுவாங்க, அவங்க கேக்கிறதும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்கதான். அதனால கேட்ட மாதிரியே எழுதி கீழ பதில் போட்டிருக்கேன்.

1. பல்லு எடுக்க ஊசி போட்ட உடனே கண்ணு இருட்டி மயங்கிட்டேன். அப்ப எனக்கு அந்த மருந்து அலர்ஜிதானே?

பெரும்பாலும் இல்லீங்க. நாங்க போடுறது லிக்னோகெயின், சைலோகெயின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். 1948ல இருந்து உலகம் பூரா புழங்குற மருந்து. இதுக்கு அலர்ஜின்னு சந்தேகப்பட்டு அனுப்புறவங்களை முறைப்படி டெஸ்ட் பண்ணிப் பார்த்தா நூத்துல ஒருத்தருக்குக்கூட நிஜ அலர்ஜி தேறாது. மீதிப்பேருக்கு வந்தது மயக்கம், படபடப்பு, இல்லன்னா வேற ஏதோ ஒரு பொருளோட வேலை.

மயக்கம் எப்படி வருதுன்னா, பயம், வலி, ஊசியைப் பார்த்தது, காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்தது, இதெல்லாம் சேர்ந்து ஒரு நரம்பைத் தூண்டிவிடுது, உடனே இதயத்துடிப்பு மெதுவாகி கால்ல இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்து ரத்தம் கீழயே தங்கிடும், மூளைக்குப் போறது கொஞ்ச நேரம் கம்மியாகும், ஆள் சாய்ஞ்சிடுவாங்க. ஊசி உள்ள போறதுக்கு முன்னாடியே, சிரிஞ்சைப் பார்த்ததுமே மயங்கினவங்களும் உண்டு. மருந்தே உடம்புல ஏறாதப்ப மருந்து மேல பழி போட முடியாதுல்ல.

2. சரி, நிஜமான அலர்ஜி எப்படி இருக்கும்? ரெண்டையும் எதை வச்சுப் பிரிக்கிறது?

முதல்ல தோலைப் பாருங்க. மயக்கத்துல முகம் வெளுத்துப் போகும், உதட்டுல ரத்தமே இருக்காது, நெத்தியில ஜில்லுன்னு வேர்க்கும். அதுக்கு முன்னாடி கொட்டாவி, குமட்டல், காதுல ஒரு மாதிரி அடைப்பு, கண்ணு இருட்டுறது இதெல்லாம் வரும். அலர்ஜியில பெரும்பாலும் நேர் எதிர், தோல் சிவந்து சூடாகும், உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும், காணாக்கடி மாதிரி தடிப்புத் தடிப்பா எழும்பும், கண் இமையும் உதடும் வீங்கும், தொண்டை இறுகுற மாதிரி இருக்கும், குரல் மாறும், வீசிங் வரும், சிலருக்கு வயித்தைப் பிசைஞ்சு வாந்தி வரும்.

அடுத்தது நாடி. மயக்கத்துல நாடி மெதுவா இருக்கும், நிமிஷத்துக்கு 50, சில நேரம் 40கூட. அலர்ஜியில பிரஷர் இறங்குனா நாடி வேகமா ஓடும், 120க்கு மேலயும் போகும். மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம், படுக்க வச்சா என்ன ஆகுதுங்கிறது. மயங்கினவங்களை மல்லாக்கப் படுக்கவச்சு காலைத் தூக்கிப் பிடிச்சா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கண்ணைத் திறந்து "எனக்கு என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க. அலர்ஜி படுக்க வச்சதால மட்டும் சரியாகாது, நேரம் போகப்போக கூடத்தான் செய்யும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிடறேன். கடுமையான அலர்ஜி வந்தவங்கள்ல கொஞ்சப் பேருக்கு தோல்ல எதுவுமே தெரியாமயும் இருக்கலாம். அதனால தடிப்பு இல்லைங்கிற ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, மூணையும் சேர்த்துப் பாருங்க. இன்னொண்ணு, மயங்கும்போது கைகால் ரெண்டு மூணு தடவை வெட்டி இழுக்கலாம், அதைப் பார்த்துட்டு வலிப்புன்னு கூட வந்தவங்க கத்துவாங்க. சில செகண்ட்ல நின்னு தெளிவா எந்திரிச்சாங்கன்னா அதுவும் மயக்கத்தோட சேர்ந்ததுதான்.

3. எனக்கு மயக்கமே வரல. ஊசி போட்டதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கை நடுங்குச்சு, செத்துடுவேன்னு நெனச்சேன். இது என்ன?

அது அட்ரினலின். பல்லுக்குப் போடுற லிக்னோகெயின்ல அட்ரினலின் கலந்திருக்கும், பாட்டில்ல 1:80,000னு போட்டிருக்கும் பாருங்க. அதாவது ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்து அந்த இடத்துலயே தங்கவைக்கிறதுக்கும் ரத்தக்கசிவைக் குறைக்கிறதுக்கும்தான் அது. கீழ்த்தாடை கடைசிப் பல்லுக்கு உள்ளாற போடுற ஊசியில பக்கத்துலயே ரத்தக்குழாய் ஓடுது, ஊசி முனை அதுக்குள்ள போயிட்டா மருந்து நேரா ரத்தத்துல கலந்து சில செகண்ட்லயே படபடப்பு ஆரம்பிக்கும். அதனாலதான் மருந்தைத் தள்ளுறதுக்கு முன்னாடி பிஸ்டனை லேசா பின்னாடி இழுத்து ரத்தம் வருதான்னு பார்க்கணும், அப்புறம் ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷம்னு மெதுவா போடணும். சிலர் அவசரத்துல விட்டுடறாங்க, படபடப்பு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஊசி சரியா போட்டாலும் பயத்துல உங்க உடம்பே அட்ரினலினை ஊத்தும், அப்பவும் இதே படபடப்புதான்.

இது அஞ்சு பத்து நிமிஷத்துல தானா அடங்கும். அரிப்பு, தடிப்பு, வீசிங் எதுவும் இருக்காது. அட்ரினலின் உங்க உடம்பே தினமும் சுரக்கிற பொருள், அதுக்கு யாருக்கும் அலர்ஜி வராது. சொல்லப்போனா கடுமையான அலர்ஜிக்கு முதல் மருந்தே அட்ரினலின்தான், அப்ப தொடையில போடுறது 500 மைக்ரோகிராம், பல்லுக்கு ரெண்டு மில்லி போட்டா அதுல இருக்கிறது 25. இருபது மடங்கு வித்தியாசம். ஆனா இதயநோய் இருந்தா, தைராய்டு கட்டுக்குள்ள இல்லன்னா, ப்ராப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டா கட்டாயம் முன்னாடியே சொல்லிடுங்க. அலர்ஜிக்காக இல்ல, அட்ரினலின் அளவைக் குறைக்கணுமா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்றதுக்காக.

4. ஊசி போட்டப்ப வாயைச் சுத்தி மரத்துப்போய் காதுல கொய்ங்குனு சத்தம் வந்துச்சு, பேச்சு குழறுச்சு. இதுவும் பயமா?

இல்ல, இதை லேசா எடுத்துக்காதீங்க. நாக்குல இரும்பு ருசி, உதட்டைச் சுத்தி மரமரப்பு, காதுல இரைச்சல், உளறல், இதெல்லாம் மருந்து ரத்தத்துல அளவுக்கு மேல ஏறினதுக்கான அறிகுறி. அதுக்கு மேல போனா வலிப்பே வரும். ஒண்ணு ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கும், இல்லன்னா மொத்த அளவே கூடியிருக்கும். அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெயினுக்கு ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிகிராம் வரைக்கும்னு கணக்கு, ரெண்டு பர்சென்ட் மருந்துல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கு. 50 கிலோ ஆளுக்கு கணக்குப்படி 17 மில்லி தாங்கும், நாங்க போடுறது ரெண்டு, நாலு மில்லி. ஆனா 15 கிலோ குழந்தைக்கு அந்த இடைவெளி வேகமா சுருங்கிடும். இதுக்குப் பேரு நச்சு விளைவு, அலர்ஜி கிடையாது. அடுத்த தடவை அளவைக் குறைச்சு மெதுவா போட்டா அதே மருந்தையே போடலாம்.

5. ஃபைல்ல சிவப்பு மையில "சைலோகெயின் அலர்ஜி"ன்னு எழுதி வச்சிருக்காங்க. இப்ப யாரும் பல்லைத் தொடவே மாட்டேங்கிறாங்க. அதை எடுக்க முடியுமா?

முடியும். ஒருத்தரோட கதையைச் சொன்னா எப்படின்னு புரியும். முப்பத்தெட்டு வயசு பெண்மணி, கீழ்க் கடவாய்ப்பல் சீழ் புடிச்சு கன்னம் வீங்கி வந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை பல் எடுக்கப் போய் ஊசி போட்டதும் மயங்கியிருக்காங்க. சில வருஷம் கழிச்சு இன்னொரு இடத்துல ஊசி போட்டதும் படபடப்பு, நடுக்கம், மூச்சு வாங்குறது, அங்க பயந்துபோய் அலர்ஜிக்குப் போடுற அவிலும் டெக்சாவும் போட்டு அனுப்பி சீட்டுல அலர்ஜின்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க போனாலும் அந்தச் சீட்டைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக், வலி மாத்திரை குடுத்து அனுப்பறது, இல்லன்னா மரக்கவைக்காமலே ஒரு பல்லைப் பிடுங்கினது. கேக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அவங்ககிட்ட நான் கேட்டது இவ்வளவுதான்: ஊசி போட்டு எத்தனை நிமிஷத்துல வந்துச்சு, முகம் வெளுத்துச்சா சிவந்துச்சா, அரிப்பு தடிப்பு இருந்துச்சா, படுக்கவச்சதும் தெளிஞ்சுதா, அன்னிக்கு வேற என்ன மாத்திரை போட்டிருந்தீங்க. முதல் தடவை வெளுப்பு, வேர்வை, படுக்கவச்சதும் தெளிஞ்சாச்சு. ரெண்டாவது தடவை விரல் நுனியெல்லாம் குறுகுறுன்னு இருந்துச்சாம், அது வேகவேகமா மூச்சு விட்டதால வர்றது. ரெண்டு தடவையும் தடிப்பு இல்ல. கதையிலயே பாதி விடை கிடைச்சிடுச்சு, ஆனாலும் எழுத்துல இருக்கிறதை அழிக்க எழுத்துலயே ஆதாரம் வேணும்ல, அதனால ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு டெஸ்டுக்கு அனுப்பினேன்.

அங்க எடுத்துக்கிட்டது அட்ரினலினும் பதப்படுத்துற கெமிக்கலும் சேராத வெறும் லிக்னோகெயின். முன்னங்கைல ஒரு சொட்டு வச்சு லேசா குத்திப் பார்த்தாங்க, பக்கத்துலயே ஒப்பிட்டுப் பார்க்க உப்புத்தண்ணி ஒண்ணு, கட்டாயம் தடிக்க வைக்கிற ஹிஸ்டமின் ஒண்ணு. கால் மணி நேரத்துல ஹிஸ்டமின் மட்டும் தடிச்சுது. அப்புறம் நூத்துல ஒரு பங்கா கலந்து தோலுக்குள்ள, அடுத்து பத்துல ஒரு பங்கா கலந்தது. அதுவும் ஒண்ணும் ஆகல. கடைசியா மேல்கைல தோலுக்கு அடியில 0.1 மில்லி, 0.5, 1, 2ன்னு இருபது இருபது நிமிஷம் விட்டுக் கூட்டிக்கிட்டே போனாங்க. இந்தக் கடைசிப் படிதான் முக்கியம், நிஜ அளவு மருந்து உள்ள போயும் ஒண்ணும் ஆகலைன்னாதான் அலர்ஜி இல்லைன்னு சொல்ல முடியும். இதுல வேடிக்கை என்னன்னா, முதல்ல அவங்ககிட்ட சொல்லாம வெறும் உப்புத்தண்ணி போட்டிருக்காங்க, அதுக்கே "படபடங்குது, பழையபடி வருது"ன்னு சொல்லியிருக்காங்க. பிரஷர், ஆக்சிஜன், தோல் எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. மருந்து போட்டப்ப அந்தப் படபடப்புகூட இல்ல. அடுத்த வாரம் படுக்கவச்சே ஊசி போட்டு பல்லை எடுத்தோம். இப்ப அவங்க கையில இருக்கிற கடிதத்துல "லிக்னோகெயின் 3.6 மில்லி வரை பிரச்சனையின்றி ஏற்றுக்கொண்டார், ஊசி பயத்தால் மயக்கம் வரக்கூடியவர், படுக்கவைத்துப் போடவும்"னு இருக்கு.

6. எங்க ஊர்ல எல்லாருக்கும் கையில டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துட்டுத்தான் பல்லுக்குப் போடுறாங்க. எனக்கு அதுல தடிச்சிடுச்சே?

அது மேல சொன்ன டெஸ்ட் இல்லீங்க, அதோட நிழல். பல்லுக்குப் போடுற பாட்டில்ல இருந்தே கொஞ்சம் எடுத்துத் தோலுக்குள்ள ஏத்துறாங்க. தோலுக்குள்ள எந்தத் தண்ணியை ஏத்தினாலும் முதல்ல ஒரு கொப்புளம் மாதிரி எழும்பத்தான் செய்யும். அட்ரினலின் இருக்கிறதால சுத்தி வெள்ளையாவும் தெரியும். சிலருக்கு நகத்தால கோடு போட்டாலே தோல் தடிக்கும். உப்புத்தண்ணியைப் பக்கத்துல போட்டு ஒப்பிடாம "தடிச்சிருக்கு, அலர்ஜி"ன்னு சொன்னா அது கணக்குல வராது.

இன்னொரு பக்கமும் இருக்கு, டெஸ்ட் டோஸ்ல ஒண்ணும் தெரியலைங்கிறதால முழு டோஸும் பிரச்சனை பண்ணாதுன்னு உத்தரவாதம் இல்ல. முன்னாடி எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கு இது தேவையில்லைங்கிறதுதான் என் கருத்து, ஏதாவது ஆனா டாக்டர்தான் பொறுப்புன்னு ஆகிடுமோங்கிற பயத்துலதான் பலரும் போடுறாங்க. உங்களுக்குத் தடிச்சிருந்தா அதை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, அஞ்சாவது கேள்வியில சொன்ன மாதிரி முறையா பண்ணிக்கோங்க. டெஸ்டுக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செட்ரிசின், அவில் மாதிரி மாத்திரையை நிறுத்தணும், இல்லன்னா ஹிஸ்டமினே தடிக்காது. எதை நிறுத்தலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க.

7. அவில், டெக்சா போட்டதும் சரியாயிடுச்சு. அலர்ஜி இல்லன்னா எப்படி சரியாகும்?

போடலைன்னாலும் சரியாகியிருக்கும். மயக்கம் ரெண்டு நிமிஷத்துல தெளியும், படபடப்பு பத்து நிமிஷத்துல அடங்கும், அவிலை உடைச்சு சிரிஞ்சுல எடுத்து நரம்பு தேடிப் போடறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆயிடும். டெக்சா வேலை செய்யவே மணிக்கணக்கு ஆகும். நல்லா இருந்த நேரத்துல எந்த மருந்து உள்ள இருந்துச்சோ அதுக்குப் பேரு கிடைச்சிடுது, அவ்வளவுதான்.

நிஜமாவே சந்தேகம் இருந்தா அன்னிக்கே ட்ரிப்டேஸ்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கலாம். அலர்ஜியில வெடிக்கிற செல்லுங்கள்ல இருந்து வர்ற பொருள் அது. பிரச்சனை ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல, அதிகபட்சம் நாலு மணி நேரத்துக்குள்ள ஒண்ணு, அப்புறம் முழுசா சரியாகி ஒரு நாள் தாண்டினதும் இன்னொண்ணு. முதல் அளவு, ரெண்டாவது அளவோட 1.2 மடங்குக்கு மேல இன்னும் 2 கூட இருந்தா அலர்ஜிப் பக்கம் சாயும். உதாரணத்துக்கு சாதாரண நாள்ல 5ன்னு இருக்கிறவங்களுக்கு அன்னிக்கு 8ஐத் தொட்டிருக்கணும். ஏறலைன்னா அலர்ஜியே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஏறியிருந்தா அசட்டையா விடக்கூடாது.

8. ஊசி போட்டு வீட்டுக்கு வந்தாச்சு, ராத்திரி முகம் வீங்கிடுச்சு. இது லேட்டா வர்ற அலர்ஜியா?

எங்க வீங்குச்சுன்னு பாருங்க. ஊசி போட்ட பக்கத்துக் கன்னம் மட்டும் வீங்கி அடுத்த ரெண்டு நாள்ல நீலம் பாரிச்சா ரத்தம் கட்டியிருக்கு. வலியும் காய்ச்சலும் சேர்ந்தா பல்லோட சீழ்தான். உதடும் நாக்கும் வீங்கினா அன்னிக்கு என்னென்ன மாத்திரை போட்டீங்கன்னு ஒரு லிஸ்ட் எழுதுங்க. பல் எடுத்தா அமாக்ஸிசிலினும் ஒரு வலி மாத்திரையும் கூடவே வருதுல்ல, அதுங்களுக்கு அலர்ஜி வர்றது லிக்னோகெயினைவிட ரொம்ப அதிகம். வாய் கொப்பளிக்கக் குடுக்கிற குளோர்ஹெக்ஸிடினுக்கும் கடுமையான அலர்ஜி வந்ததுண்டு, அதை யாரும் மருந்தாவே நினைக்கிறதில்ல, அதனால சந்தேகப்பட்டியல்லயே வராது. பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடறவங்களுக்கு அரிப்பே இல்லாம உதடு, நாக்கு வீங்கலாம்.

குடும்பத்துல யாருக்காவது அடிக்கடி அரிப்பு இல்லாத வீக்கம் வந்திருந்தா, பல் வேலை செஞ்ச பிறகு அது வரக்கூடிய பரம்பரை நோய் ஒண்ணு இருக்கு, அதுக்கு அவிலும் அட்ரினலினும் சரியா கேக்காது, தனி மருந்து. தொண்டைப் பக்கம் வீக்கம் போனா எந்தக் காரணமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

9. நான் நர்ஸ். கிளவுஸ் போட்டா கை அரிச்சு வெடிக்குது. எல்லாருக்கும் இருக்குன்னு சொல்றாங்க, விட்டுடலாமா?

இங்கதான் கதை தலைகீழாகுது. ஊசிக்குப் பயப்படுறவங்களுக்கு அலர்ஜி பெரும்பாலும் இருக்காது, கிளவுஸ் அரிப்பை "எல்லாருக்கும் இருக்கிறதுதானே"ன்னு விட்டவங்கள்ல சிலருக்கு நிஜமாவே இருக்கும். கிளவுஸ்ல மூணு விதம் வரும். ஒண்ணு, வேர்வையும் சோப்பும் சேர்ந்து கை வறண்டு வெடிக்கிறது, அது அலர்ஜியே இல்ல. ரெண்டாவது, ரப்பரை முறுக்கேத்தப் போடுற தையுரம் மாதிரி கெமிக்கலுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு வர்ற சிரங்கு மாதிரி தடிப்பு. தொந்தரவு ஜாஸ்தி, உயிருக்கு ஆபத்தில்ல. நைட்ரைல் கிளவுஸுக்கு மாறினாலும் இது போகாம இருக்கலாம், ஏன்னா அதுலயும் அந்தக் கெமிக்கல் இருக்கும், அது சேராத நைட்ரைல் கேட்டு வாங்கணும்.

மூணாவதுதான் நிஜ லேடெக்ஸ் அலர்ஜி, ரப்பர் மரப்பால்ல இருக்கிற புரதத்துக்கு வர்றது. கிளவுஸ் மாட்டி சில நிமிஷத்துலயே தடிப்பு, தும்மல், கண்ணு அரிப்பு, வீசிங். பவுடர் கிளவுஸ்ல இது மோசம், அந்த மக்காச்சோள மாவுல புரதம் ஒட்டிக்கிட்டு கழட்டும்போது காத்துல பறக்கும், பக்கத்து சேர்ல இருக்கிறவங்ககூட இழுத்துடுவாங்க. அமெரிக்காவுல 2017 ஜனவரியில பவுடர் கிளவுஸைத் தடையே பண்ணிட்டாங்க, நம்ம கடையில இன்னும் கிடைக்குது. டியூட்டியில மூக்கு ஒழுகி, லீவு நாள்ல நல்லா இருக்கீங்களான்னு கவனிச்சுப் பாருங்க. அப்படின்னா வெறும் கை வறட்சின்னு விடாதீங்க.

10. பலூன் ஊதினா உதடு வீங்கும், வாழைப்பழம் சாப்பிட்டா வாய் அரிக்கும். இதைப் போய் பல் டாக்டர்கிட்ட சொல்லணுமா?

கட்டாயம் சொல்லணும், நாங்க கேக்க மறந்தாலும் சொல்லணும். வாழை, கிவி, அவகாடோ, பப்பாளி இதுல இருக்கிற சில புரதங்களும் ரப்பர் பால் புரதமும் ஒரே சாயல், ஒண்ணுக்குப் பழகின உடம்பு இன்னொண்ணுக்கும் எகிறலாம். வாழைப்பழம் மட்டும் அரிச்சா லேடெக்ஸ் அலர்ஜின்னு அர்த்தம் இல்ல, பலூனும் சேர்ந்துதுன்னா சந்தேகம் பலமாகும். சின்ன வயசுல இருந்து பல ஆபரேஷன் ஆனவங்க, முக்கியமா முதுகுத்தண்டு மூடாம பிறந்து அடிக்கடி டியூப் போட்டு சிறுநீர் எடுக்கிற பசங்க, இவங்களுக்கு ரிஸ்க் ரொம்ப அதிகம்.

எங்க ரூம்ல கிளவுஸ் மட்டும் லேடெக்ஸ் இல்ல, பல்லைச் சுத்தி மாட்டுற ரப்பர் ஷீட், கையில கட்டுற டியூப், சில மருந்து பாட்டில் மூடி எல்லாம் இருக்கு. முன்னாடியே சொன்னா அன்னிக்குக் காலையில முதல் ஆளா வரச் சொல்லுவோம், அதுக்கு முன்னாடி யாரும் ரூம்ல கிளவுஸைக் கழட்டி காத்துல எதையும் பறக்க விட்டிருக்க மாட்டாங்கல்ல.

11. ஊசி போட்டு அரைமணி நேரம் நல்லாத்தான் இருந்தேன், வேலை நடக்கும்போதுதான் தடிப்பு வந்துச்சு. இது எதோடது?

நல்ல கேள்வி. லிக்னோகெயின் அலர்ஜின்னா பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிஷத்துலயே காட்டிடும். லேடெக்ஸ் அப்படி இல்ல, கிளவுஸ் போட்ட விரல் வாயோட ஈரச் சவ்வுல உரசிக்கிட்டே இருக்க இருக்க புரதம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். பெரிய ஆபரேஷன்லயும் ஆரம்பிச்சு அரைமணி, ஒரு மணி கழிச்சுத்தான் பிரஷர் இறங்கி கண்டுபிடிப்பாங்க. வாய் ஓரத்துல, கன்னத்துல, கிளவுஸ் பட்ட இடத்துலயே தடிப்பு ஆரம்பிச்சிருந்தா ஊசியைவிட கிளவுஸைத்தான் நான் முதல்ல கேப்பேன். கூடவே, வர்றதுக்கு முன்னாடி வீட்டுல போட்ட மாத்திரையும் அரைமணி, ஒரு மணி நேரத்துல வேலையைக் காட்டும், எட்டாவது பதிலைப் பாருங்க.

லேடெக்ஸுக்கு ரத்தத்துல ஐஜிஈங்கிற அலர்ஜிப் புரதத்தைப் பார்க்கிற டெஸ்ட் பெரிய லேப்கள்ல பண்றாங்க. ஆனா நிஜ அலர்ஜி இருந்தும் சிலருக்கு நெகட்டிவ் வரும், ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு லேசா பாசிட்டிவும் வரும். உங்க கதை பலமா இருந்து ரிப்போர்ட் நெகட்டிவ்னா ரிப்போர்ட்டை நம்பி பலூன் ஊதிப் பார்க்காதீங்க, அலர்ஜி டாக்டர் பக்கத்துல வச்சு தோல் டெஸ்ட், ஒரு விரல்ல மட்டும் கிளவுஸ் மாட்டிப் பார்க்கிறதுன்னு படிப்படியா போவாங்க.

12. நிஜமாவே லிக்னோகெயின் அலர்ஜின்னு டெஸ்ட்ல வந்துட்டா பல்லே எடுக்க முடியாதா?

எடுக்கலாம். ஆர்டிகெயின், மெபிவகெயின், புபிவகெயின்னு அதே குடும்பத்து மருந்துங்க இருக்கு, ஒண்ணுக்கு ஒத்துக்காட்டி எல்லாத்துக்கும் ஒத்துக்காதுன்னு இல்ல, ஆனா அதையும் அஞ்சாவதுல சொன்ன மாதிரி டெஸ்ட் பண்ணித்தான் போடணும், "வேற கெயின் போட்டுப் பார்ப்போம்"னு சேர்ல வச்சு சோதிக்கக்கூடாது. பழைய காலத்து புரோகெயின் வேற குடும்பம், அந்தக் குடும்பத்துக்குத்தான் அலர்ஜி கொஞ்சம் அதிகம். நம்ம அப்பா தாத்தா காலத்து "ஊசி அலர்ஜி" கதையில சிலது அங்க இருந்து வந்திருக்கலாம். தொண்டை மிட்டாய், ஈறு ஜெல் சிலதுல இன்னும் இருக்கிற பென்சோகெயினும் அந்தக் குடும்பம்தான்.

சில பேருக்கு மருந்துல இல்ல, அதுல சேர்த்த பொருள்ல பிரச்சனை. பெரிய பாட்டில்ல பதப்படுத்த மெத்தில்பாரபென் இருக்கும், அட்ரினலின் கெடாம இருக்க சல்ஃபைட் இருக்கும், கடுமையான ஆஸ்துமா இருக்கிறவங்கள்ல சிலருக்கு சல்ஃபைட் வீசிங்கைக் கிளப்பலாம். அவங்களுக்கு அட்ரினலின் இல்லாத, பாரபென் சேராத மருந்து போட்டா வேலை முடிஞ்சுது.

13. சேர்லயே ஒருத்தர் சாய்ஞ்சிட்டாரு, மயக்கமா அலர்ஜியான்னு புரியல. அந்த நேரத்துல என்ன பண்றது?

முதல்ல சேரை மல்லாக்கச் சாய்ச்சு காலைத் தூக்குங்க, வாயில இருக்கிற பஞ்சு, கருவியெல்லாம் எடுங்க, நாடியில கை வைங்க, சட்டையை விலக்கி நெஞ்சு, கழுத்தைப் பாருங்க. ரெண்டுக்கும் முதல் படி இதுதான், அதனால யோசிக்க வேண்டியதில்ல. மூச்சு இழுத்தா மட்டும் முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி வைங்க, காலைத் தூக்கியே. கர்ப்பிணின்னா இடது பக்கமா சரிச்சு. வெளுத்து, நாடி மெதுவா இருந்து, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சா அப்படியே படுக்கட்டும், சட்டுன்னு எழுப்பி உக்காரவச்சா மறுபடி சாய்வாங்க.

தெளியலைன்னா, இல்லன்னா தடிப்பு, வீக்கம், வீசிங், குரல் மாற்றம் இதுல ஏதாவது கூடச் சேர்ந்தா அட்ரினலின் ஆம்பூலை உடைச்சு பெரியவங்களுக்கு பாதி, அதாவது 0.5 மில்லி, தொடையோட வெளிப்பக்கம் நடுவுல தசையில போட்டுட்டு 108க்கு போன் பண்ணுங்க. குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லி, 0.5க்கு மேல போகக்கூடாது. அஞ்சு நிமிஷத்துல மாற்றம் இல்லன்னா இன்னொண்ணு. அவிலைத் தேடி நேரத்தை ஓட்டாதீங்க. சந்தேகத்துல போட்டு அது வெறும் மயக்கமா இருந்தாலும் தொடையில போட்ட அட்ரினலின் பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்ச நேரப் படபடப்போட போயிடும், அலர்ஜியா இருந்து போடாம விட்டா ஆளே போயிடலாம். ஆஸ்பத்திரியில சேர்த்ததும் ட்ரிப்டேஸ் எடுக்கச் சொல்லுங்க. கூடவே போட்ட மருந்தோட பேரு, பாட்டில் நம்பர், எத்தனை மில்லி, எந்த கிளவுஸ், எத்தனாவது நிமிஷத்துல வந்துச்சு, நாடி, பிரஷர், தோல் எப்படி இருந்துச்சுன்னு அன்னிக்கே எழுதிக் குடுங்க. "ஊசி அலர்ஜி"ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சுடாதீங்க.